வி.எஸ்.என்.எல். இன்று யார்? அரசு பங்கை விற்ற நிறுவனத்தைத் தேடிக் கண்டுபிடிக்கும் முறை

வீட்டுப் பரணில் ஒரு பழைய பங்குப் பத்திரம் கிடைக்கிறது. அல்லது அப்பாவின் பணிச் சான்றிதழ், முப்பது வருடத்துக்கு முந்தைய ஒரு குத்தகை ஒப்பந்தம். மேலே அச்சாகியிருக்கும் பெயர் ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் பெயர். அந்தப் பெயரில் இன்று எந்த நிறுவனமும் இல்லை. யாருக்குக் கடிதம் எழுதுவது?

இப்படிப்பட்ட தாள்களோடு வருகிறவர்களுக்குச் சில வருடங்களாக உதவி வருகிறேன். ஏறக்குறைய எல்லோரும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். புதுப் பெயரை முதலில் தேடி, யாரோ சொன்னதை நம்பி, தவறான நிறுவனத்துக்கு எழுதிவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். பெயரை நான்காவது படியில்தான் தேட வேண்டும். முதலில் பிடிக்க வேண்டியது மாறாத ஒன்றை.

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே நிறுவனத்தைப் பிடித்துக்கொண்டு போகிறேன்: விதேஷ் சஞ்சார் நிகம் லிமிடெட், அதாவது வி.எஸ்.என்.எல். அரசு பங்கு விற்றது, வாங்கியவர் நேரடியாகத் தெரியாதது, பெயர் மாறியது, நிலம் தனியே பிரிந்தது, மீதிப் பங்கும் பின்னால் விற்கப்பட்டது என எல்லாச் சிக்கலும் அதில் உண்டு. அதைத் தொடரத் தெரிந்தால் மற்றவற்றையும் தொடரலாம். வேறு மாதிரி நடந்த சில நிறுவனங்களை மட்டும் இடையில் தொட்டுக் காட்டுகிறேன்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

தாளில் உள்ள முழுப் பெயரை எழுத்துக்கு எழுத்து எடுத்து எழுதுங்கள். சுருக்கப் பெயரை நம்ப வேண்டாம். வி.எஸ்.என்.எல். விஷயத்தில் இதற்கு ஒரு தனிக் காரணம் இருக்கிறது. நம் ஊரில் பாதிப் பேர் அதை பி.எஸ்.என்.எல்.லின் பழைய பெயர் என்று நினைக்கிறார்கள். அது தவறு. வி.எஸ்.என்.எல். 1986-இல் தொடங்கப்பட்டது, வெளிநாட்டுத் தொலைபேசி இணைப்புகளுக்கானது, பின்னாளில் நாட்டின் முதல் பொது இணையச் சேவையைத் தந்தது. பி.எஸ்.என்.எல். 2000-இல் தொலைத்தொடர்புத் துறையிலிருந்து உருவானது, இன்றும் முழுக்க அரசுடையது. இரண்டும் ஒன்றிலிருந்து ஒன்று வந்தவை அல்ல. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தன் அண்ணனுடைய பத்திரத்தை எடுத்துக்கொண்டு தொலைபேசி இணைப்பகத்துக்கே மூன்று முறை போய் வந்த பிறகுதான் என்னிடம் வந்தார். ஒரே ஓர் எழுத்து அவரை ஆறு மாதம் அலையவைத்தது.

பெயரோடு தேதியையும் எழுதுங்கள். பங்குப் பத்திரத்தின் தேதி, வேலையில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, ஒப்பந்தம் கையெழுத்தான தேதி என எது இருக்கிறதோ அது. அரசு விற்பனைக்கு முன்னாலா பின்னாலா என்பதை இந்தத் தேதிதான் பிற்பாடு முடிவு செய்யும்.

மூன்றாவது, பதிவு எண். இன்றைய கம்பெனித் தாள்களில் 21 எழுத்து, எண் கொண்ட ஒரு அடையாளக் குறி இருக்கும். பழைய தாள்களில் அது இருக்காது, வெறும் பதிவு எண் மட்டும் இருக்கலாம். எது இருந்தாலும் குறித்துக்கொள்ளுங்கள். பங்குப் பத்திரமானால் ஃபோலியோ எண்ணும், பங்குகளின் தொடர் எண்களும் வேண்டும்.

2. அரசு எப்படி விலகியது என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள்

'அரசு விற்றுவிட்டது' என்ற ஒரே வாக்கியத்துக்குள் மூன்று வேறு வேறு நிகழ்ச்சிகள் ஒளிந்திருக்கும். அரசு தன் பங்கை விற்றிருக்கலாம். அப்போது நிறுவனம் அதேதான், முதலாளி மட்டும் மாறியிருக்கிறார். நிறுவனத்தின் தொழிலையோ ஆலையையோ தனியே எடுத்து விற்றிருக்கலாம். அப்போது பழைய நிறுவனம் ஓர் ஓரத்தில் வெறும் கூடாக இன்னும் இருக்கும், பழைய கடன்களும் பொறுப்புகளும் அதனிடமே தங்கியிருக்கும். அல்லது விற்ற பிறகு, வாங்கியவர் அந்த நிறுவனத்தைத் தன்னோடு இணைத்திருக்கலாம். அப்போது பழைய நிறுவனம் கலைந்துவிட்டது, அதன் உரிமையும் கடமையும் இணைத்துக்கொண்டவரிடம் போய்விட்டன.

இந்தப் படி முன்னால் வருவதற்குக் காரணம் இருக்கிறது. முதல் வகையில் நீங்கள் தேட வேண்டியது பெயர் மாற்றத்தை. மூன்றாவது வகையில் இணைப்பு உத்தரவை. எந்த வகை என்று தெரியாமல் தேடினால் இல்லாத ஆவணத்தைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

மத்திய அரசு நிறுவனமானால் பார்க்க வேண்டிய இடம் நிதி அமைச்சகத்தின் கீழ் உள்ள முதலீடு மற்றும் பொதுச் சொத்து மேலாண்மைத் துறையின் தளம், `dipam.gov.in`. பழைய விற்பனைகளின் பட்டியல் அங்கே ஆண்டு வாரியாக இருக்கும். அதில் நான்கு விவரங்களை எடுங்கள்: எத்தனை சதவீதம் விற்கப்பட்டது, யாருக்கு, எப்போது, எவ்வளவு தொகைக்கு. மாநில அரசு நிறுவனமானால் இந்தப் பட்டியலில் தேடிப் பயனில்லை. அந்த மாநிலத்தின் அரசாணைகளையும், அந்தந்த ஆண்டின் தணிக்கை அறிக்கையையும் பார்க்க வேண்டும்.

வி.எஸ்.என்.எல். கணக்கு இப்படி. விற்பனைக்கு முன் அரசிடம் 52.97 சதவீதம் இருந்தது. 2002 பிப்ரவரியில் 25 சதவீதத்தை நிர்வாக உரிமையோடு சேர்த்து, பங்கு 202 ரூபாய் வீதம், 1,439.25 கோடிக்கு விற்றது. இந்த எண்களை ஒன்றோடொன்று பெருக்கிப் பார்ப்பது நல்ல பழக்கம். நிறுவனத்தின் மொத்தப் பங்குகள் 28.5 கோடி. அதில் 25 சதவீதம் 7.125 கோடி. அதை 202-ஆல் பெருக்கினால் 1,439.25 கோடி சரியாக வருகிறது. தொகை இப்படிப் பொருந்தினால் இது பங்கு விற்பனைதான், தொழிலை விற்றதல்ல என்று நிம்மதியாக அடுத்த படிக்குப் போகலாம். பொருந்தாவிட்டால் அந்தத் தொகைக்குள் கடனோ நிலமோ வேறு ஏதோ கலந்திருக்கிறது என்று பொருள், அதை முதலில் பிரித்தறிய வேண்டும்.

இணைப்பு வகைக்கு இரண்டு உதாரணங்கள் போதும். ஐ.பி.சி.எல். என்ற இந்தியன் பெட்ரோகெமிக்கல்ஸின் 26 சதவீதம் 2002-இல் ரிலையன்ஸ் குழுமத்துக்குப் போனது. 2007-இல் அந்த நிறுவனமே ரிலையன்ஸ் இண்டஸ்ட்ரீஸோடு இணைந்தது, ஐந்து ஐ.பி.சி.எல். பங்குக்கு ஒரு ரிலையன்ஸ் பங்கு. சி.எம்.சி. லிமிடெட் 2001-இல் டாடாவிடம் போய், 2015-இல் டி.சி.எஸ்ஸில் கரைந்தது. இவற்றுக்கு 'புதுப் பெயர்' என்று ஒன்று கிடையாது. பெயர் மாற்றச் சான்றிதழைத் தேடினால் கிடைக்கவே கிடைக்காது.

3. மாறாத எண்ணைப் பிடியுங்கள்

இதுதான் வழிகாட்டியின் மையம், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ஒரு கம்பெனி தன் பெயரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். முதலாளிகள் வரலாம், போகலாம். ஆனால் சட்டத்தின் கண்ணில் அது அதே ஆள். 1956-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 23-ஆவது பிரிவு இதை நேராகவே சொன்னது: பெயர் மாறுவதால் கம்பெனியின் உரிமைகளோ கடமைகளோ பாதிக்கப்படா. உங்கள் பழைய தாளுக்கு இன்றும் மதிப்பு இருக்கிறதென்றால் அதற்கு அடிப்படை இதுதான்.

அதே ஆள் என்பதை எதை வைத்து நிரூபிப்பது? பதிவு எண்ணை வைத்து. வி.எஸ்.என்.எல்.லாக இருந்த நிறுவனத்தின் இன்றைய அடையாளக் குறி இது:

```
L64200MH1986PLC039266
```

இதைத் துண்டு துண்டாகப் படிக்க வேண்டும். முதல் எழுத்து `L` என்றால் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது, `U` என்றால் இல்லை. அடுத்த ஐந்து இலக்கம் தொழில் வகை. `MH` பதிவு அலுவலகம் இருக்கும் மாநிலம், மகாராஷ்டிரம். `1986` பதிவான ஆண்டு. `PLC` பொது வரையறுக்கப்பட்ட கம்பெனி. மத்திய அரசுக் கம்பெனியானால் அந்த இடத்தில் `GOI` இருக்கும். கடைசி ஆறு இலக்கம் பதிவு எண்.

தனியார்மயத்துக்குப் பின் இந்தக் குறியில் சில துண்டுகள் மாறக்கூடும். சந்தையிலிருந்து விலகினால் முதல் எழுத்து மாறும். அரசுக் கம்பெனி என்ற தகுதி போனால் `GOI` மாறும். முழுக் குறியும் ஒத்துப்போகவில்லையே என்று பயந்து பாதியில் விட்டுவிட வேண்டாம். ஆண்டும் கடைசி ஆறு இலக்கமும் ஒத்துப்போனால் அதே கம்பெனிதான். ஒரே விதிவிலக்கு, பதிவு அலுவலகம் வேறு மாநிலத்துக்கு மாறியிருந்தால் அந்த ஆறு இலக்கமும் மாறிவிடும். அப்போது ஆண்டு மட்டும் மிஞ்சும், மற்றதை ஆவணங்களில் தேட வேண்டும்.

தேடும் இடம் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளம், `mca.gov.in`. அதில் `View Company/LLP Master Data` என்ற பகுதி. கணக்கு ஒன்று தொடங்கி உள்ளே போக வேண்டியிருக்கும், அதற்குக் கட்டணம் இல்லை. இங்கே புதியவர்கள் செய்யும் தவறு, பழைய பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் வரவில்லை என்றதும் 'கம்பெனி மூடப்பட்டுவிட்டது' என்று முடிவு கட்டுவது. அந்தப் பக்கம் இன்றைய பெயரை வைத்துத் தேடுவதற்கானது. பழைய பெயருக்கு விடை இல்லை என்பதற்கு 'அந்தப் பெயர் இன்று புழக்கத்தில் இல்லை' என்பதற்கு மேல் பொருள் எதுவும் இல்லை. பதிவு எண் தெரிந்தால் அதை வைத்துத் தேடுங்கள். தெரியாவிட்டால் அடுத்த படியில் பெயரைக் கண்டுபிடித்து, திரும்ப இங்கே வந்து ஆண்டையும் எண்ணையும் சரிபாருங்கள்.

விவரப் பக்கத்தில் நிலை என்ற வரியையும் பாருங்கள். `Active` என்றால் உயிரோடு இருக்கிறது. `Amalgamated` என்றால் இணைந்துவிட்டது, இரண்டாம் படியின் மூன்றாவது வகை. `Strike Off` என்றால் பதிவேட்டிலிருந்தே நீக்கப்பட்டது.

4. பெயர் மாற்றத்துக்குச் சான்று தேடுங்கள்

வி.எஸ்.என்.எல். 2008-இன் தொடக்கத்தில் டாடா கம்யூனிகேஷன்ஸ் லிமிடெட் ஆனது. விற்பனை நடந்தது 2002-இல். அதாவது தனியார் கைக்குப் போன பின்னும் ஆறு வருடம் அந்த நிறுவனம் பழைய அரசுப் பெயரிலேயே நடந்தது. 2005-ஆம் ஆண்டுத் தாளில் வி.எஸ்.என்.எல். என்று இருப்பதால் அது அரசு நிறுவனமாக இருந்தபோது எழுதப்பட்டது என்று கொள்ள முடியாது. முதல் படியில் தேதியைக் குறிக்கச் சொன்னது இதற்காகத்தான்.

பெயர் மாற்றத்தைச் செய்தியில் படித்தது போதாது. சான்று வேண்டும். கம்பெனிப் பதிவாளர் தரும் பெயர் மாற்றச் சான்றிதழ்தான் அந்தச் சான்று. `mca.gov.in` தளத்தில் `View Public Documents` பகுதியில் ஒரு கம்பெனிக்கு 100 ரூபாய் கட்டினால் அது தாக்கல் செய்த ஆவணங்களைப் பார்க்கவும் இறக்கிக்கொள்ளவும் முடியும். பார்க்கும் நேரத்துக்கு வரம்பு உண்டு. எனவே என்னென்ன வேண்டும் என்று முன்பே எழுதி வைத்துக்கொண்டு பணம் கட்டுங்கள். பெயர் மாற்றச் சான்றிதழ், சங்க விதிகள், கடைசி ஆண்டறிக்கை, இணைப்போ பிரிப்போ நடந்திருந்தால் அதன் உத்தரவு. இவ்வளவு போதும்.

சந்தையில் பட்டியலான நிறுவனத்துக்கு இன்னொரு நூல் உண்டு: பங்குச் சந்தைக் குறியீட்டு எண். மும்பை சந்தையில் இதன் எண் `500483`. பழைய நாளிதழின் பங்குப் பக்கத்தையோ தரகரின் பழைய ரசீதையோ வைத்திருப்பவர்கள் அந்த எண்ணைக் கொண்டு `bseindia.com` தளத்தில் தேடினால், பழைய பெயரே தெரியாவிட்டாலும் இன்றைய பெயர் வந்து நிற்கும்.

விற்பனைக்குப் பின் பெயர் மாறாத நிறுவனங்களும் நம்மை ஏமாற்றும். சென்னை கிண்டியில் இருக்கும் எச்.டி.எல். லிமிடெட், முன்பு ஹிந்துஸ்தான் டெலிபிரிண்டர்ஸ். அதன் 74 சதவீதம் 2001-இல் எச்.எஃப்.சி.எல். என்ற தனியார் நிறுவனத்துக்குப் போனது. பெயர்ப் பலகையில் எந்த மாற்றமும் இல்லாததால், பக்கத்தில் குடியிருப்பவர்கள்கூட அதை அரசு ஆலை என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

5. உண்மையான உடைமையாளர் யார்?

வி.எஸ்.என்.எல்.லை 'டாடா வாங்கியது' என்று எல்லோரும் சொல்வார்கள். விற்பனை ஆவணத்தில் வாங்கியவர் பெயர் பனடோன் ஃபின்வெஸ்ட் லிமிடெட். இந்தப் பெயரைக் கண்டதும், யாரோ மூன்றாம் மனிதர் போலிருக்கிறதே என்று குழம்பித் தேடலை நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். பெரிய குழுமங்கள் ஏலத்தில் கலந்துகொள்ளத் தனி நிறுவனம் ஒன்றை முன்னே நிறுத்துவது வழக்கம். ஏர் இந்தியாவை 2022 ஜனவரியில் கையில் வாங்கியதும் டாலேஸ் என்ற டாடா சன்ஸின் துணை நிறுவனம்தான்.

ஆகவே இந்தப் படியில் ஏணியில் ஏறுவதுபோல மேலே போக வேண்டும். முதல் கால், `bseindia.com` தளத்தில் அந்த நிறுவனத்தின் `Shareholding Pattern`. ஒவ்வொரு காலாண்டும் முடிந்து 21 நாளுக்குள் நிறுவனங்கள் இதைத் தர வேண்டும். அதில் `Promoter` எனக் குறிக்கப்படும் முன்னோடிக் குழுவின் அட்டவணையை மட்டும் படியுங்கள். டாடா கம்யூனிகேஷன்ஸில் அங்கே இரண்டு பெயர்கள் இருக்கும்: பனடோன் ஃபின்வெஸ்ட், டாடா சன்ஸ். இரண்டும் சேர்ந்து 58.86 சதவீதம்.

இரண்டாவது கால், பனடோன் யாருடையது? அது சந்தையில் இல்லாத நிறுவனம். அதன் ஆண்டு விவர அறிக்கையை `mca.gov.in` தளத்தில் எடுக்க வேண்டும். அது டாடா சன்ஸின் கீழ் உள்ளது. மூன்றாவது கால், டாடா சன்ஸ் யாருடையது? அதன் சுமார் 66 சதவீதம் டாடா அறக்கட்டளைகளிடம் இருக்கிறது. அதற்கு மேல் தனி மனிதர் எவரும் முதலாளி இல்லை, ஏணி அங்கே முடிகிறது.

எத்தனை கால் ஏற வேண்டும் என்பது உங்கள் தேவையைப் பொறுத்தது. பங்குப் பத்திரத்துக்கோ பணிச் சான்றுக்கோ ஏறவே வேண்டாம், நிறுவனத்தின் முகவரி போதும். நிலத் தகராறோ ஆய்வோ என்றால் கடைசி வரை ஏறுங்கள்.

சதவீதங்களைப் படிக்கும்போது காலத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 25 சதவீதம் வாங்கியவர் எப்படி முதலாளி ஆனார் என்று கேட்பார்கள். அரசு 25 சதவீதத்தை விற்றதோடு, ஊழியர்களுக்கும் 1.85 சதவீதம் கொடுத்தது. அதனால் அரசின் பங்கு 52.97-லிருந்து 26.12 ஆனது. 51 சதவீதத்துக்குக் கீழே போன கணமே அது சட்டப்படி அரசுக் கம்பெனி அல்ல. செபியின் கையகப்படுத்தல் விதிப்படி பனடோன் பொதுமக்களிடமிருந்தும் 20 சதவீதத்தை அதே 202 ரூபாய்க்கு வாங்கியது. ஆக 2002 நடுவிலேயே டாடாவிடம் 45 சதவீதம்.

ஆனால் அரசு முழுக்கப் போய்விடவில்லை. அந்த 26.12 சதவீதத்தை 2021 மார்ச் வரை வைத்திருந்தது. அந்த மாதத்தில் 16.12 சதவீதத்தைச் சந்தை வழியாகவும் 10 சதவீதத்தைப் பனடோனிடமும் விற்று வெளியேறியது. 'வி.எஸ்.என்.எல். எப்போது தனியார் ஆனது?' என்ற கேள்விக்கு 2002, 2021 என்று இரண்டு விடைகளைக் காண்பீர்கள். கட்டுப்பாடு கைமாறியது 2002-இல், அரசு கடைசிப் பங்கையும் விட்டது 2021-இல். இரண்டும் உண்மைதான். எதைக் கேட்கிறார்கள் என்று பார்த்து எழுத வேண்டும்.

முதலாளியின் பெயரே மாறிக்கொண்டு போவதும் உண்டு. பால்கோ என்ற பாரத் அலுமினியத்தின் 51 சதவீதத்தை 2001-இல் வாங்கியது ஸ்டெர்லைட் இண்டஸ்ட்ரீஸ். தூத்துக்குடி ஆலையால் நமக்குத் தெரிந்த அதே பெயர். 2013-இல் ஸ்டெர்லைட், சேசா கோவாவோடு இணைந்து சேசா ஸ்டெர்லைட் ஆனது. 2015-இல் அது வேதாந்தா லிமிடெட் ஆனது. இத்தனைக்கும் நடுவில் பால்கோவின் பெயர் மாறவே இல்லை, அரசிடம் 49 சதவீதமும் அப்படியே இருந்தது. ஆகவே வாங்கியவருக்கும் மூன்றாம் படியையும் நான்காம் படியையும் ஒரு முறை செய்யுங்கள்.

6. பிரிந்து போனது எது என்று பாருங்கள்

அனேகமாக எல்லோரும் விட்டுவிடும் படி இது. பணம் போவதும் இங்கேதான்.

வி.எஸ்.என்.எல்.லுக்குப் புனே, டெல்லி, கொல்கத்தா, சென்னை ஆகிய ஊர்களில் தேவைக்கு மிஞ்சிய நிலம் 770 ஏக்கருக்கு மேல் இருந்தது. 1,439 கோடிக்குள் அந்த நிலத்தின் மதிப்பைச் சேர்க்கவில்லை. அதைத் தனி நிறுவனமாகப் பிரிப்பதென்று 2002 ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொண்டார்கள். 2005-இல் ஹெமிஸ்பியர் பிராப்பர்ட்டீஸ் இந்தியா லிமிடெட் என்ற நிறுவனம் அதற்காகத் தொடங்கப்பட்டது. பிரிப்பு நடைமுறைக்கு வர 2019 ஆனது. 2020 அக்டோபரில் அது `HEMIPROP` என்ற குறியீட்டோடு சந்தைக்கு வந்தது.

பெயரைப் பார்த்தால் இதற்கும் வி.எஸ்.என்.எல்.லுக்கும் தொடர்பு இருப்பதாக யாருக்கும் தோன்றாது. ஆனால் 2019-இல் குறிக்கப்பட்ட தேதியில் டாடா கம்யூனிகேஷன்ஸ் பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஒன்றுக்கு ஒன்று ஹெமிஸ்பியர் பங்கு உண்டு. பனடோன் 2002-இல் வாங்கிய 25 சதவீதத்துக்கான ஹெமிஸ்பியர் பங்குகள் மட்டும் ஒப்பந்தப்படி அரசுக்குப் போயின. அதனால்தான் அங்கே அரசின் பங்கு 26.12-உம் 25-உம் சேர்ந்து 51.12 சதவீதம். தனியார்மயமான ஒரு நிறுவனத்தின் வயிற்றிலிருந்து ஓர் அரசு நிறுவனம் பிறந்திருக்கிறது!

இப்போது பரணில் கிடைத்த பத்திரத்துக்கு வருவோம். அதில் வி.எஸ்.என்.எல்.லின் 100 பங்குகள், இன்றுவரை விற்கப்படவில்லை என்று வையுங்கள். பத்திரத்தின் உரிமையாளருக்குச் சேர வேண்டியது டாடா கம்யூனிகேஷன்ஸில் 100 பங்கு, ஹெமிஸ்பியரில் 100 பங்கு, வாங்காமல் நின்ற டிவிடெண்ட் இருந்தால் அதுவும். ஒரு கதவை மட்டும் தட்டினால் ஒன்றுதான் கிடைக்கும். இடைப்பட்ட ஆண்டுகளில் போனஸ் பங்கு தரப்பட்டதா என்றும் கேளுங்கள், எண்ணிக்கை கூடலாம்.

தொடர்ந்து ஏழு ஆண்டு டிவிடெண்ட் வாங்கப்படாத பங்குகள் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்கு மாற்றப்பட்டுவிடும். இதைக் கேட்டதும் 'எல்லாம் போச்சு' என்று உட்கார்ந்துவிட வேண்டாம். பங்கு அங்கே பத்திரமாக இருக்கிறது, `IEPF-5` படிவத்தின் மூலம் உரிமையாளரோ வாரிசோ திரும்பக் கேட்கலாம். ஆனால் முதலில் நிறுவனத்திடம் எழுதித் தகுதிக் கடிதம் வாங்கிய பிறகே அந்தப் படிவம். நேராகப் படிவத்துக்குப் போனவர்கள் திரும்பி வந்திருக்கிறார்கள்.

பிரிவது நிலமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மாடர்ன் பிரெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மாடர்ன் ஃபுட் இண்டஸ்ட்ரீஸின் 74 சதவீதத்தை அரசு 2000 ஜனவரியில் ஹிந்துஸ்தான் லீவருக்கு 105.45 கோடிக்கு விற்றது. அந்த நிறுவனம் பிற்பாடு லீவரோடு இணைந்தது. அதன்பின் பிரெட் தொழிலையும் பெயரையும் மட்டும் எவர்ஸ்டோன் குழுமத்தின் நிம்மன் ஃபுட்ஸ் வாங்கியது. 2021-இல் அது மெக்சிகோவின் க்ரூப்போ பிம்போவிடம் போனது. கடையில் மாடர்ன் என்ற பெயரைப் பார்த்துவிட்டுப் பழைய அரசு நிறுவனத்தின் விவகாரத்தை இன்றைய பிரெட் கம்பெனியிடம் கேட்டால் கை விரிப்பார்கள். கேட்க வேண்டிய இடம், பழைய நிறுவனத்தைத் தன்னோடு இணைத்துக்கொண்ட இன்றைய ஹிந்துஸ்தான் யூனிலீவர். பொருளின் பெயர் ஒரு வழியில் போகும், கம்பெனி இன்னொரு வழியில் போகும்.

7. தகவல் கிடைக்காதபோது யாரிடம் கேட்பது

தனியாரான நிறுவனத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் மனு போட்டால், தங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று பதில் வரும். மனுவை நிறுவனத்துக்குப் போடாதீர்கள். விற்ற அரசுத் துறைக்குப் போடுங்கள். வி.எஸ்.என்.எல். என்றால் நிர்வாகத் துறை தொலைத்தொடர்புத் துறை. விற்பனையின் விவரங்களுக்கு இரண்டாம் படியில் பார்த்த நிதி அமைச்சகத் துறை. நிலம் பற்றியது என்றால் வீட்டு வசதி மற்றும் நகர்ப்புற அமைச்சகம், ஹெமிஸ்பியர் அதன் கீழ் இருக்கிறது. `rtionline.gov.in` தளத்தில் 10 ரூபாயில் முடியும்.

கேள்வியைக் குறுகலாக வையுங்கள். 'இந்த நிறுவனம் பற்றிய எல்லாத் தகவலும்' என்று கேட்டால் மழுப்பலான பதில்தான் வரும். விற்பனைத் தேதி, வாங்கியவரின் முழுப் பெயர், விற்பனையில் சேராமல் விடப்பட்ட சொத்துகளின் பட்டியல் என்று மூன்றைக் கேளுங்கள்.

8. கண்டதை ஒரே தாளில் எழுதி, கடிதம் அனுப்புங்கள்

பழைய பெயர், பதிவு எண், விற்பனைத் தேதி, பெயர் மாறிய ஆண்டு, இன்றைய பெயர், முன்னோடி, பிரிந்த நிறுவனம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எந்த ஆவணத்தில் பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். ஆவணம் இல்லாத வரிக்கு எதிரே கேள்விக்குறி போடுங்கள், ஊகத்தை எழுத வேண்டாம்.

கடிதம் நிறுவனத்தின் செயலருக்கும், அதன் பங்குப் பதிவாளருக்கும் போக வேண்டும். பதிவாளர் முகவரியை நிறுவனத் தளத்தின் முதலீட்டாளர் பகுதியிலிருந்து இன்றைய தேதியில் எடுங்கள். பழைய பத்திரத்தின் பின்னால் அச்சாகியிருக்கும் பதிவாளர் முகவரி இப்போது செல்லாததாக இருக்கலாம். முதல் வரியை இப்படி எழுதினால் கோப்பு மேசை மேசையாக அலையாது:

'விதேஷ் சஞ்சார் நிகம் லிமிடெட் என்ற பெயரில் 1986-இல் பதிவாகி, 2008 முதல் டாடா கம்யூனிகேஷன்ஸ் லிமிடெட் என்று வழங்கும் தங்கள் நிறுவனத்தில், கீழ்க்கண்ட ஃபோலியோ எண்ணில் உள்ள பங்குகளின் இன்றைய நிலையைத் தெரிவிக்கக் கோருகிறேன்.'

இதே கடிதத்தை, பெயரையும் ஆண்டையும் மாற்றி, ஹெமிஸ்பியருக்கும் தனியே அனுப்புங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை அந்த ஒரே தாளோடு குத்தி வையுங்கள். மூலப் பத்திரத்தை எந்தக் காரணத்துக்கும் முதல் கடிதத்தோடு வைக்காதீர்கள், இருபக்க நகல் போதும். அவர்கள் எழுத்தில் கேட்ட பிறகு மட்டும் மூலத்தை அனுப்புங்கள்.